இணைப்பு ரீசெட் பிழை

ஒரு பக்கம் பாதி இறங்கிக்கொண்டிருக்கையில் திடீரென்று பரிமாற்றம் அறுந்து, பிரௌசரில் `ERR_CONNECTION_RESET` என்ற அறிவிப்பு தோன்றும் நிலை. மறுமுனையில் உள்ள சர்வரே தொடர்பைத் துண்டித்துவிட்டது என்பது அந்த அறிவிப்பைக் காண்பவர் கொள்ளும் அபிப்பிராயம். ஆயினும் பல சந்தர்ப்பங்களில் அதைச் செய்தது இடையில் இருக்கும் ஒரு கருவியே ஆகும்.

1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் பதிப்பித்து வெளியிட்ட ஆர்எஃப்சி 793 என்னும் டிசிபி விதிநூலில், இரு கணினிகளுள் ஒன்று பழுதுற்று, நினைவில் இருந்தவற்றை எல்லாம் இழந்து மீண்டும் எழுந்த பிறகு, பழைய இணைப்பு உயிரோடிருக்கிறது என்று நம்பி மற்றது அனுப்பும் பாக்கெட்டுக்கு, ‘அப்படி ஓர் இணைப்பு இங்கே இல்லை’ என்று தெரிவிக்கவும் ரீசெட் பாக்கெட் விதிக்கப்பட்டது. இணைப்பின் இரு முனைகளுக்கு மட்டுமே உரிய இந்த அதிகாரத்தை, தொண்ணூறுகளிலிருந்து பரவிய ஃபயர்வால்களும் முகவரி மாற்றும் ரவுட்டர்களும் தாமாகவே எடுத்துக்கொண்டன. நெரிசலை அறிவிக்கும் புதிய ஏற்பாட்டின் குறிகளைத் தாங்கி வந்த நேர்மையான பாக்கெட்டுகளுக்கும் சில ஃபயர்வால்கள் ரீசெட் அனுப்பியதைக் கண்டித்து, 2002 ஆகஸ்டில் சாலி ஃபிளாய்ட் ஆர்எஃப்சி 3360ஐ எழுதினார். அக்கண்டனம் முற்றிலும் நியாயமானது. அதன் பின்னரும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை.

பக்கம் நடுவில் அறுவதற்கு வீட்டு ரவுட்டரில் நேரும் காரணம் நுட்பமானது. லினக்ஸை ஆதாரமாகக் கொண்ட ரவுட்டர், ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பதிவை வைத்து, வருகின்ற பாக்கெட்டின் வரிசை எண் எதிர்பார்த்த எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதிக்கிறது. வழியில் தாமதித்தோ இடம் மாறியோ வந்த ஒரு பாக்கெட் அவ்வெல்லைக்கு வெளியே விழுந்தால், அது செல்லாதது என்று முத்திரை பெறுகிறது. செல்லாத பாக்கெட்டுக்கு முகவரி மாற்றம் நடைபெறாது ஆகையால், வீட்டுக் கணினிக்குப் போகவேண்டிய அது ரவுட்டரின் சொந்த வெளி முகவரிக்கே வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அப்படி ஓர் இணைப்பை அறியாத ரவுட்டரோ சர்வருக்கு ரீசெட் அனுப்பிவிடுகிறது. சர்வரும் அதை மெய்யென்று கொண்டு இணைப்பை அழித்துவிடுகிறது. ஒன்றும் அறியாத கணினி, தனக்குக் கிடைத்த தரவுக்கு ஒப்புதல் அனுப்ப, அதற்குப் பதிலாகச் சர்வரிடமிருந்தே ரீசெட் வருகிறது. கணினியில் மட்டும் பார்ப்பவர் சர்வரைக் குற்றம் சாட்டுவது இதனால்தான்.

உண்மையை அறிய ரவுட்டரின் வெளிப்புறத்திலேயே பார்க்கவேண்டும். ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டரில் பின்வரும் கட்டளையை ஓடவிட்டு, அதே பக்கத்தைத் திரும்பத் திறக்கலாம். `wan` என்ற இடத்தில் அந்த ரவுட்டரின் வெளி இடைமுகப் பெயரை இடவேண்டும்.

```
tcpdump -ni wan 'tcp[tcpflags] & tcp-rst != 0'
```

கணினி ரீசெட் எதுவும் அனுப்பாதிருக்க, ரவுட்டரின் முகவரியிலிருந்து சர்வருக்கு ஒன்று முதலில் புறப்பட்டிருந்தால் காரணம் நிச்சயமாகிவிடும். செல்லாத பாக்கெட்டுக்குப் பதில் சொல்லாமல் அதைச் சத்தமின்றிக் கைவிடச் செய்வதே பரிகாரம். தரவு ஏதும் விடுபட்டிருந்தால் சர்வர் அதை மறுபடி அனுப்பிக்கொள்ளும்.

```
uci set firewall.@defaults[0].drop_invalid='1'
uci commit firewall
service firewall restart
```

போகும் வழி வேறு, வரும் வழி வேறு என்று அமைந்த வலையமைப்புகளில் நல்ல பாக்கெட்டுகளும் செல்லாதவையாகத் தோன்றக்கூடும் என்பதால், அங்கே இந்த அமைப்பே புதிய தடையாக முடியலாம்.

அலுவலக ஃபயர்வாலின் செயல் வேறு விதம். பக்கத்தின் உள்ளடக்கத்தைச் சோதிக்கும் விதி, தடை செய்யப்பட்ட ஒன்றைக் கண்டவுடன் இரு முனைகளுக்கும், ஒன்றின் பெயரால் மற்றதற்கு, ரீசெட் அனுப்புகிறது. இதைக் காட்டிக்கொடுப்பது ஒவ்வொரு ரவுட்டரையும் தாண்டும்போது ஒன்று குறையும் டிடிஎல் எண்ணாகும்: சர்வரின் தரவு பாக்கெட்டுகள் எல்லாம் 52 என்ற எண்ணோடு வந்துகொண்டிருக்க, ரீசெட் மட்டும் 63 என்று வந்தால், அதை எழுதியது சமீபத்தில் உள்ள கருவி என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆயினும் சர்வரின் எண்ணையே போலியாக இடும் கருவிகளும் உண்டு.

ஆன்டிவைரஸில் சந்தேகிக்கவேண்டியது ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் என்ற ஓர் அமைப்பே. அது பிரௌசருக்கும் சர்வருக்கும் நடுவே கணினிக்குள்ளேயே நின்று, ஓர் இணைப்பை இரண்டாகப் பிரித்து, மறைகுறியை அவிழ்த்துப் பார்க்கிறது. அதன் சோதனை தடுமாறினால் பிரௌசர் பக்கத்து இணைப்பு அறுந்துபோகும். பிரௌசர் பிழையைக் காட்டிய கணத்தில், வலையட்டையில் எடுத்த பதிவில் வெளியிலிருந்து வந்த ரீசெட் ஒன்றுகூட இல்லையென்றால் இந்த ஐயம் வலுக்கிறது. அப்போது ஆன்டிவைரஸ் முழுவதையும் நீக்கவேண்டியதில்லை. அந்த ஸ்கேனிங்கை மட்டும் நிறுத்திவிட்டு, பிரௌசரை மூடித் திறந்து, பழைய இணைப்புகள் எஞ்சாத நிலையில் அதே பக்கத்தைச் சோதிப்பது போதுமானது.