ஆம்னிசேனல்

பெயர்ச்சொல். லத்தீனில் 'ஒம்னிஸ்' என்றால் எல்லாம். 'முல்ட்டுஸ்' என்றால் பல. மல்ட்டிசேனல் வணிகத்தில் ஒரே நிறுவனத்துக்குக் கடை, இணையதளம், செயலி எனப் பல வழிகள் இருக்கும்; ஆனால் ஒவ்வொன்றுக்கும் சரக்கிருப்புக் கணக்கு தனி. ஆம்னிசேனலில் எல்லா வழிகளுக்கும் ஒரே கணக்கு. ஸ்பெயினின் ஸாரா நிறுவனம் உடைகளில் ஆர்எஃப்ஐடி சில்லுகளைப் பொருத்தி, எந்தக் கடையில் எந்த அளவுச் சட்டை இருக்கிறது என்று அறிகிறது. அதனால் இணையத்தில் வரும் ஆர்டரைக் கடைச் சரக்கிலிருந்தே அனுப்ப முடிகிறது. கணக்கு பிசகினால், திரையில் 'இருக்கிறது' என்று காட்டிய சட்டை அலமாரியில் இருக்காது, ஆர்டர் ரத்தாகும். இணையத்தில் வாங்கியதைக் கடையில் திருப்பித் தர முடியாவிட்டால், பெயர் எதுவானாலும் அது மல்ட்டிசேனல்தான்.