விண்டோஸ் ஓபன் ஆகலையா? பென்டிரைவ் மூலம் டெல் லேப்டாப்பில் பயாஸ் அப்டேட் செய்வது எப்படி? முழு விவரம்

பவர் பட்டனை அழுத்தினால் டெல் லோகோ வருகிறது, ஆனால் அதற்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தாலும் அதே லோகோதான். ஒருவரின் லேப்டாப் இப்படி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே முக்கியமான ஃபைல்கள் இருக்கின்றன, விண்டோஸை அழித்துவிட்டு புதிதாகப் போட அவருக்கு மனமில்லை. இந்த நிலையில் பயாஸ் அப்டேட் கைகொடுக்குமா? விண்டோஸே வராதபோது அதை எப்படிச் செய்வது?

விண்டோஸ் இல்லாமல் எப்படி முடியும்?

லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடுவது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன சிப்பில் பதிந்திருக்கும் பயாஸ்தான் முதலில் ஓடும். அது மெமரி, கீபோர்டு, டிஸ்க் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே விண்டோஸை அழைக்கும். தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும் வசதியும் அந்த சிப்பிலேயே இருக்கிறது. அதனால் ஹார்டு டிஸ்க்கையே கழற்றி வைத்திருந்தாலும் இந்த அப்டேட் நடக்கும்.

கோளாறு பயாஸில்தானா?

இதை முதலில் பார்த்துவிட வேண்டும். லோகோவுக்குக் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றினால், விண்டோஸ் லோடாக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு நின்றால் பெரும்பாலும் கோளாறு விண்டோஸில்தான், பயாஸ் அப்டேட்டால் அது சரியாகாது. புள்ளிகளே வராமல் லோகோவிலேயே நின்றால் பயாஸ் மீது சந்தேகப்படலாம்.

அடுத்து, லேப்டாப்பை ஆஃப் செய்து ஆன் செய்து, லோகோ வரும்போது F2 கீயை விட்டுவிட்டு தட்டுங்கள். பயாஸ் செட்டிங்ஸ் திறக்கும். அங்கே உங்கள் SSD-யின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் டிஸ்க்கோ அதன் இணைப்போ பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அதே திரையில் `BIOS Version` என்ற எண்ணும் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள்.

நம்ம உதாரணத்தில் புள்ளிகள் வரவில்லை, SSD தெரிகிறது, பயாஸ் எண் 1.8.0.

கை வைப்பதற்கு முன் இரண்டு வேலை

முதல் வேலை, போனில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்து `aka.ms/myrecoverykey` பக்கத்தைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு ஆரம்பித்த பல லேப்டாப்களில் பிட்லாக்கர் என்கிற டிஸ்க் பூட்டு தானாகவே ஆன் ஆகியிருக்கும். பயாஸ் மாறியதும் அது சந்தேகப்பட்டு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். விண்டோஸ் ஓடும்போது அப்டேட் செய்தால் அந்தப் பூட்டை தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். இப்போது அதற்கு வழியில்லை. கீ இல்லை என்றால் ஃபைல்களை யாராலும் திறக்க முடியாது. ஆகவே கீ கையில் கிடைத்த பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் அந்தக் கீ ஐ.டி. பிரிவிடம் இருக்கும்.

இரண்டாவது, F2 திரையில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் `SATA Operation` அல்லது `SATA/NVMe Operation` எதில் இருக்கிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். `AHCI` என்றோ `RAID On` என்றோ இருக்கும். இந்தப் போட்டோ ஏன் என்பது கடைசியில் புரியும்.

ஃபைலும் பென்டிரைவும்

லேப்டாப்பின் அடியில் சர்வீஸ் டேக் என்ற எண் அச்சாகியிருக்கும். வேறொரு கம்ப்யூட்டரில் `dell.com/support` போய் அந்த எண்ணைக் கொடுங்கள். உங்கள் மாடலுக்கான பக்கம் மட்டும் வரும். டிரைவர்கள் பகுதியில் பயாஸ் என்ற பிரிவில் உள்ள `.exe` ஃபைலை டவுன்லோடு செய்யுங்கள்.

நம்ம உதாரணத்தில் அங்கே 1.21.0 இருக்கிறது. 1.8-ஐ விட 1.21 சின்ன எண் என்று சிலர் குழம்புவார்கள். இது தசம எண் அல்ல, 8-க்குப் பிறகு வந்த 21-வது என்று படிக்க வேண்டும். அதாவது இதுதான் புதியது. கூடவே உள்ள குறிப்பில், லோகோவில் நின்றுவிடும் கோளாறு சரிசெய்யப்பட்டது என்பது போன்ற வரி இருந்தால் சரியான பாதையில்தான் போகிறீர்கள்.

பென்டிரைவை `FAT32` முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவானது நல்லது. ஃபார்மேட் செய்தால் அதில் உள்ளது எல்லாம் அழியும் என்பதை மறக்காதீர்கள். பிறகு அந்த `.exe` ஃபைலை சும்மா காப்பி செய்தால் போதும். பூட் ஆகிற மாதிரி பென்டிரைவைத் தயார் செய்யத் தேவையில்லை. வேறு கம்ப்யூட்டர் இல்லாதவர்கள், ஏற்கனவே FAT32-ல் உள்ள பென்டிரைவை ஓடிஜி மூலம் ஆண்ட்ராய்டு போனில் சொருகி, போனிலேயே டவுன்லோடு செய்தும் காப்பி செய்யலாம்.

அப்டேட் செய்யும் முறை

சார்ஜரைச் சொருகுங்கள். பேட்டரியில் குறைந்தது 10 சதவீதம் சார்ஜ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்டேட் ஆரம்பிக்கவே செய்யாது. பென்டிரைவைப் போட்டு, ஆன் செய்து F12 கீயைத் தட்டுங்கள். வரும் மெனுவில் `BIOS Flash Update` என்பதைத் தேர்வு செய்யுங்கள். புதிய மாடல்களில் `Flash from file` என்று வரும். பழைய மாடல்களில் மூன்று புள்ளிகள் உள்ள பட்டன் இருக்கும். அதன் வழியாக பென்டிரைவில் உள்ள ஃபைலைக் காட்டுங்கள்.

பழைய எண், புதிய எண் இரண்டும் திரையில் வரும். 1.8.0, 1.21.0 என்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு `Update BIOS` அல்லது `Begin Flash Update` கொடுங்கள்.

இனி பொறுமை முக்கியம். பத்து நிமிடம் வரை ஆகலாம். நடுவில் திரை கறுப்பாகும், ஃபேன் பலமாகச் சுத்தும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஹேங் ஆகிடுச்சு என்று நினைத்து பவர் பட்டனை அழுத்தினால், எழுதிக்கொண்டிருக்கும் சிப் பாதியில் நின்றுவிடும்.

எங்கே தப்பு நடக்கும்?

ஃபைல் தேடும்போது பென்டிரைவே தெரியவில்லை என்றால், அது `NTFS` அல்லது `exFAT` முறையில் இருக்கலாம்.

அப்டேட் முடிந்து `INACCESSIBLE_BOOT_DEVICE` என்று நீலத்திரை வந்தால் பயப்பட வேண்டாம், ஃபைல்கள் அழிந்திருக்காது. செட்டிங்ஸ் பழைய நிலைக்குப் போய், ஸ்டோரேஜ் முறை மாறியிருக்கும். F2-வில் போய், எடுத்து வைத்த போட்டோவில் உள்ளபடி மாற்றினால் போதும்.

அப்டேட் பாதியில் நின்று, திரையே வராமல் போனால் பல டெல் லேப்டாப்களில் ஒரு மீட்பு வழி உண்டு. அதே ஃபைலை `BIOS_IMG.rcv` என்று பெயர் மாற்றி பென்டிரைவில் போட வேண்டும். லேப்டாப்பை ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றி, Ctrl, Esc இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி சார்ஜரைச் சொருகினால் மீட்புத் திரை வரும்.

எல்லாம் சரியாக முடிந்து, F2-வில் புதிய எண் தெரிந்தும் லோகோவிலேயே நிற்கிறதா? அப்படியென்றால் பயாஸ் காரணம் இல்லை. F12 மெனுவில் உள்ள `Diagnostics` மூலம் மெமரியையும் டிஸ்க்கையும் சோதித்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. அதில் எரர் எண் வந்தால் அதைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகலாம்.