வெட்டி எறிந்த குதிரை

நர்சிங் டிப்ளமா படித்த நாட்களில் எங்களுக்கு ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கிட்டத்தட்ட ஒரு புனிதர். அவர் விளக்கேந்தி நடந்தார், வீரர்கள் பிழைத்தார்கள் என்றே மனதில் பதிந்திருந்தது. அவரைப் பற்றிய ஆங்கில பாட்காஸ்ட் ஒன்றை இந்த அமர்வுக்காகச் சுருக்க உட்கார்ந்தபோதும், அதன் வாதம் முன்பே தெரியும் என்ற நினைப்புதான்.

இரண்டு மணி நேரப் பேச்சு; எழுத்துப்படியில் ஏறக்குறைய 18,000 சொற்கள். மூலத்தைத் தொடாமல் வைத்துவிட்டு நகலில் வேலை செய்தேன். தள்ளுபடி, இணைய முகவரி போன்ற சொற்களைத் தேடினால் விளம்பரங்கள் அகப்பட்டுவிடும். அவை தொடங்கும் இடம்தான் சிக்கல். "அந்த வார்டில் யாருக்கும் தூக்கமில்லை" என்று வரலாறு பேசியவர், "தூக்கம் என்றதும்..." என்று மெத்தை விற்கத் தொடங்கிவிடுவார். முதல் வரி வரலாறு, இரண்டாவது வரி விளம்பரம். அதனால் வெட்டும் இடத்துக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு வரிகள் வாசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து அரட்டை. தண்ணீர்க் கால்வாயில் செத்துக் கிடந்த குதிரையைப் பற்றி இருவரும் சிரித்துப் பேசியிருந்தார்கள். அதையும் நீக்கிவிட்டு, "செவிலியர் பணிவிடையே உயிர்களைக் காத்தது" என்று சுருக்கத்தை முடித்தேன்.

சரிபார்க்கும்போது, கடைசிப் பகுதியில் ஒரு வரி இடறியது: "அந்தக் குதிரைக்கே திரும்புவோம்." எந்தக் குதிரை? என் நகலில் குதிரையே இல்லை. மூலத்தைத் திறந்தேன்.

நைட்டிங்கேல் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு வந்தது 1854 நவம்பரில். ஆனால் 1855 பிப்ரவரியில் அங்கே இறப்பு விகிதம் 42 சதவீதத்தைத் தொட்டது. மார்ச்சில் வந்த சுகாதார ஆணையம் சாக்கடைகளைச் சுத்தம் செய்தது, காற்றோட்டத்துக்கு வழி செய்தது, தண்ணீர் வழியில் கிடந்த குதிரையை அகற்றியது. ஜூனுக்குள் விகிதம் 2 சதவீதத்துக்கு இறங்கியது. பேச்சாளரின் வாதமே இதுதான்: பணிவிடை மட்டும் போதவில்லை, சுத்தமான தண்ணீரும் காற்றும் வந்த பிறகே சாவு குறைந்தது. நைட்டிங்கேலும் போருக்குப் பின் அந்த எண்களை வரைபடமாக்கி, சுகாதாரத்துக்காகவே வாதாடினார்.

நான் வெட்டியது நகைச்சுவையை அல்ல, சான்றை. அதன் பிறகு, கிளைக்கதை எதையும் உடனே அழிப்பதில்லை. நேரக்குறிப்போடு தனிக் கோப்பில் ஒதுக்கிவைத்து, அதிலுள்ள பெயர்ச்சொற்களை மீதிப் பேச்சில் தேடுகிறேன். பிற்பாடு ஒரு முடிவு அதன்மேல் சாய்ந்து நின்றால், அது திரும்பி உள்ளே வரும். பேச்சாளர் "இருக்கலாம்" என்று சொன்னதைச் சுருக்கத்திலும் "இருக்கலாம்" என்றே விடுகிறேன்.

சுருக்கத்தைத் திருத்தி எழுதினேன். விளக்கேந்திய சீமாட்டி அதில் இருக்கிறார்; பக்கத்திலேயே சாக்கடையும் இருக்கிறது.