வீடு எப்போது கிடைக்கும்? கையெழுத்துக்கு முன் வாசிக்க வேண்டிய மூன்று பந்திகள்

கடந்த மாதம் சென்னையிலிருந்து சின்னம்மாவின் மகள், நான் அக்கா என்று அழைப்பவள், வட்ஸ்அப்பில் 46 பக்க ஆவணம் ஒன்றை அனுப்பியிருந்தாள். புறநகரில் கட்டப்படும் அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்காக, கட்டுநர் கொடுத்த ஒப்பந்த வரைபு அது. விலை 60 இலட்சம் இந்திய ரூபாய். முற்பதிவுக்கென்று 2 இலட்சம் கட்டியாயிற்று. "திங்கட்கிழமை கையெழுத்து வைக்க வரச் சொல்லுறாங்கள். ஒருக்கா வாசிச்சுப் பார்" என்றாள்.

அக்கா 1990இல் படகேறிப் போனவள். அங்கேயே மணம் முடித்தாள். வீடு அத்தானின் பெயரில்தான் வாங்கப்படுகிறது. இலங்கைக் குடியுரிமை உள்ள ஒருவர் இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அங்கே வீடோ காணியோ வாங்க முடியாது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டுமே விலக்கு உண்டு. அத்தான் இந்தியக் குடிமகன் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் காசு இரண்டு பேருடைய சேமிப்பு. முப்பது வருடம் வாடகை வீடுகளில் இருந்து சேர்த்தது.

நான் சட்டத்தரணி அல்ல. வரைபையும், 2016ஆம் ஆண்டின் இந்திய வீடு, மனை ஒழுங்குமுறைச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். இச்சட்டத்தை அங்கே 'ரெரா' என்கிறார்கள். 46 பக்கங்களில் அக்காவின் காசைத் தீர்மானிப்பவை மூன்று பந்திகள்தான்.

முதலாவது: வீடு கையளிக்கும் திகதி

விற்பனைக்கு வந்தவர் வாயால் சொன்னது 2027 டிசம்பர். வரைபில் எந்தத் திகதியும் இல்லை. "எல்லா அனுமதிகளும் கிடைத்த நாள் அல்லது அத்திவாரம் போட்ட நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 36 மாதங்கள், மேலும் ஆறு மாத சலுகைக் காலம்" என்றிருந்தது. கடைசி அனுமதி எப்போது வருமென்று வாங்குபவருக்குத் தெரியாது. எண்ணத் தொடங்கும் நாளே கட்டுநரின் கையில் இருந்தால், 36 மாதம் என்ற எண்ணுக்குப் பொருளில்லை.

ஆனால் அதே கட்டுநர் தமிழ்நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டத்தைப் பதியும்போது முடிவுத் திகதி ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும். பதிவு எண்ணை ஆணையத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தோம்: 2028 ஜூன் 30. இந்தத் திகதியை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதக் கேட்பதுதான் முதல் வேலை. குறித்த நாளில் வீடு தராவிட்டால், விலகி முழுப் பணத்தையும் வட்டியுடன் கேட்கலாம். காத்திருப்பதென்றால் மாதந்தோறும் வட்டி கேட்கலாம் என்கிறது சட்டத்தின் 18ஆம் பிரிவு. திகதியே இல்லாத ஒப்பந்தத்தில் அந்த உரிமை எந்த நாளில் தொடங்கும் என்பதே வழக்காகிவிடும்.

"தவிர்க்க முடியாத காரணங்கள்" என்ற பட்டியலையும் பாருங்கள். போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், பிற இயற்கைப் பேரிடர் என்பவற்றைத்தான் சட்டம் சொல்கிறது. வரைபில் ஆள் பற்றாக்குறை, சீமெந்து விலையேற்றம் எல்லாம் சேர்க்கப்பட்டிருந்தன. போரின் பெயரால் எதை இழப்பது என்று எங்களுக்குத் தெரியும். சீமெந்து விலை அந்த வரிசையில் வராது.

இன்னொன்று: கையளிப்பு என்பது கட்டுநர் அனுப்பும் கடிதம் அல்ல. நிறைவுச் சான்றிதழ் கிடைத்த பிறகு வீட்டை ஒப்படைப்பதே கையளிப்பு என்று எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது: காசு பறிபோகும் பந்தி

வாங்குபவர் விலகினாலோ தவணை தவறினாலோ மொத்த விலையின் 20 சதவீதம் கழிக்கப்படும், மிச்சம் வீடு வேறொருவருக்கு விற்ற பிறகே திரும்பும் என்றது வரைபு. வாசிக்கும்போது 20 சதவீதம் சிறிதாகத் தெரியும். அது கட்டிய காசில் அல்ல, முழு விலையில் கணக்கிடப்படுகிறது. அக்கா 12 இலட்சம் கட்டிய நிலையில் அத்தானுக்கு வேலை போய் விலக நேர்ந்தால், 60 இலட்சத்தின் 20 சதவீதம் சரியாக 12 இலட்சம். கையில் ஒன்றும் மிஞ்சாது. 10 சதவீதம் என்றிருந்தால் 6 இலட்சம் திரும்பும்.

2025 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் இதே மாதிரியான ஒரு வழக்கில், ஒப்பந்தத்தில் 20 சதவீதம் என்று எழுதியிருந்தும், 10 சதவீதம் மட்டுமே கழிக்கலாம் என்ற நுகர்வோர் ஆணையத்தின் முடிவை ஏற்றது. ஒருதலைப்பட்சமான பந்தி, கையெழுத்து இருந்தாலும் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்பதே அடிப்படை. ஆனால் நீதிமன்றம் போய் வாங்குவதைவிட, இப்போதே எண்ணை மாற்றிக் கேட்பது மலிவு.

வட்டியும் இதன் பக்கத்திலேயே இருந்தது. நாங்கள் 6 இலட்சத் தவணையைப் பிந்திக் கட்டினால் வருடத்துக்கு 18 சதவீதம், அதாவது மாதம் 9,000 ரூபாய். அவர்கள் வீட்டைப் பிந்தித் தந்தால் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய். 1,000 சதுர அடிக்கு 5,000 ரூபாய். அப்போது அவர்களிடம் எங்களுடைய 54 இலட்சம் இருக்கும். அதற்கு 18 சதவீதம் என்றால் மாதம் 81,000. இரண்டு பக்கத்துக்கும் ஒரே வட்டி வீதம் என்கிறது சட்டம்.

மூன்றாவது: வரைபடத்தை மாற்றும் அதிகாரம்

"கட்டுநர் தேவையெனக் கருதும் எந்த மாற்றத்துக்கும் வாங்குபவர் இதன்மூலம் சம்மதிக்கிறார்." 31ஆம் பக்கத்தில் இருந்த ஒரே வரி இது. நான் அதிகம் பயந்ததும் இதற்குத்தான்.

காணி 24,000 சதுர அடி. 60 வீடுகளும் ஒரே அளவு. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் காணியில் பிரிபடாத பங்கு 400 சதுர அடி. நாளை மேலே தளங்கள் ஏற்றி 15 வீடுகள் கூட்டினால் அது 320 ஆகும். 80 சதுர அடி காணி கையை விட்டுப் போகும். லிஃப்டும் தண்ணீரும் வாகனத் தரிப்பிடமும் 75 குடும்பங்களுக்குப் பங்காகும்.

14ஆம் பிரிவின்படி, உங்கள் வீட்டுக்குள் மாற்றம் செய்ய உங்கள் சம்மதம் வேண்டும். கட்டட அமைப்பிலோ பொது இடங்களிலோ மாற்றம் செய்ய, கட்டுநரை விட்டு, வாங்கியோரில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கட்டட உறுதிக்கு அவசியமான சிறு மாற்றங்களுக்கு மட்டும், பொறியியலாளர் சான்றும் முன்னறிவிப்பும் இருந்தால் விலக்கு உண்டு. எந்த மாற்றம் என்றே தெரியாமல் முன்கூட்டியே வாங்கும் சம்மதம் இந்தப் பாதுகாப்பைச் சுற்றிப் போகும் வழி. அந்த வரியை நீக்கக் கேளுங்கள். நீக்க மறுத்தால், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் எண்ணையும் பிரிபடாத பங்கின் அளவையும் ஒப்பந்தத்திலேயே எழுதுவியுங்கள். பிறகு குறைந்தால் காட்ட ஆதாரம் இருக்கும்.

இத்தனையும் கேட்பதற்குச் சரியான நேரம் கையெழுத்துக்கு முன்புதான். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையின் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக்கூடாது. அக்காவுக்கு அது 6 இலட்சம். அதற்கு மேல் கொடுத்துவிட்டால் பேரம் பேசும் பலம் போய்விடும். 500 சதுர மீற்றருக்கு மேற்படாத காணியில் அல்லது எட்டுக்கு மேற்படாத வீடுகளோடு வரும் திட்டங்கள் ஆணையத்தில் பதிய வேண்டியதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. அங்கே இணையத்தளத்தில் பார்க்க ஒரு திகதியும் இருக்காது.

அக்கா திங்கட்கிழமை போகவில்லை. மூன்று திருத்தங்களையும் மின்னஞ்சலில் அனுப்பினாள். பத்து நாளில் பதில் வந்தது: 2028 ஜூன் 30 எழுதப்பட்டது, 20 சதவீதம் 10 ஆனது. 31ஆம் பக்கத்து வரி மட்டும் "எல்லோருக்கும் பொதுவான படிவம்" என்று அப்படியே இருந்தது. இப்போது 400 சதுர அடி என்ற எண்ணை எழுதச் சொல்லிக் காத்திருக்கிறாள்.

"எழுதாட்டி?" என்று கேட்டேன்.

"வாடகை வீடு பழக்கம்தானே. இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்" என்றாள்.