அண்ணன், தம்பி, அல்ட்ரா: ஒரு போன் வரிசையின் பெயர் வரலாறு

"பிளஸ்", "புரோ", "அல்ட்ரா" எல்லாம் அளவுச் சொற்கள் மாதிரி தெரிந்தாலும், எதை எவ்வளவு என்று அவை சொல்வதில்லை. ஒரே வருடம், ஒரே மேடையில் அறிமுகமாகும் மூன்று போன்களுக்கு நடுவே உண்மையில் என்ன மாறுகிறது என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பெயர் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் எதைக் குறித்தது என்று பார்க்க வேண்டும். சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, 2017-லிருந்து 2025 வரை இந்தப் பெயர்கள் எப்படி அர்த்தம் மாறின என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கடைசியில் ரூபாய்க் கணக்கும் உண்டு.

பிளஸ் என்றால் பெரிசு: 2017

எஸ்8, எஸ்8 பிளஸ் இரண்டும் 2017 மார்ச்சில் அறிமுகமாயின. முதலாவதின் திரை 5.8 அங்குலம், இரண்டாவது 6.2. பேட்டரி 3000, 3500 மில்லி ஆம்பியர்-மணி. இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். திரையின் புள்ளி எண்ணிக்கை இரண்டிலும் 2960 x 1440. கேமரா ஒன்றே, சிப்பும் ஒன்றே. சட்டைக்கடையில் ஒரே துணியில் 40 சைஸ், 42 சைஸ் கேட்பது போலத்தான். கை சின்னதாக இருந்தால் சின்னதை வாங்கலாம். அதனால் எந்த வசதியும் குறையாது.

அடுத்த வருடமே இது கலைந்தது. 2018-இன் எஸ்9-க்குப் பின்பக்கம் ஒரு கேமரா, 4 ஜிபி ரேம். எஸ்9 பிளஸ்-க்கு இரண்டு கேமரா, 6 ஜிபி ரேம். இரண்டாவது கேமரா விஷயத்தில் "சின்ன உடம்பில் இடம் இல்லை" என்று ஒரு சமாதானமாவது சொல்லலாம். ரேமுக்கு அது பொருந்தாது. 4 ஜிபியும் 6 ஜிபியும் ஏறத்தாழ ஒரே அளவு சிப்தான். அங்கே வித்தியாசத்தை உண்டாக்கியது விலைப்பட்டியல்.

இந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வோம். உடன்பிறப்பு போன்களுக்குள் வரும் வித்தியாசம் இரண்டு வகை. ஒன்று, அளவினால் தானாக வருவது: திரை, பேட்டரி, எடை, ஓரளவுக்கு சூடு தணியும் திறன். மற்றது, நிறுவனம் முடிவு செய்து வைப்பது: ரேம், திரையின் ரகம், முதுகுப் பொருள், சில சின்னச் சின்ன சிப்கள். இனி வரும் ஒவ்வொரு வருடத்தையும் இந்த இரண்டு கூடையில் பிரித்துப் போட்டால் கதை தெளிவாகிவிடும்.

அல்ட்ரா வந்தது, தம்பி இறங்கினான்: 2020–21

2020 பிப்ரவரியில் எஸ்20, எஸ்20 பிளஸ், எஸ்20 அல்ட்ரா என்று மூன்றாக வந்தது. அல்ட்ராவில் 108 மெகாபிக்சல் முதன்மைக் கேமராவும், ஒளியை மடக்கி உள்ளே அனுப்பும் பெரிஸ்கோப் ஜூமும் இருந்தன. உச்சியில் புதிதாக ஒரு மாடி கட்டினார்கள், சரி. ஆனால் கீழ்த்தளம் அந்த வருடம் அப்படியே இருந்தது. சாதாரண எஸ்20-க்கும் கண்ணாடி முதுகு, 1440 புள்ளி அகலத் திரைதான்.

உண்மையான மாற்றம் அடுத்த வருடம் நடந்தது. 2021-இன் எஸ்21-க்கு முதுகு பிளாஸ்டிக்காக மாறியது. எஸ்21, எஸ்21 பிளஸ் இரண்டின் திரையும் 1080 புள்ளி அகலத்துக்கு இறங்கியது. 1440 அல்ட்ராவுக்கு மட்டும் என்றானது. என்னுடைய வாசிப்பு இது: அல்ட்ரா என்ற பெயர் வந்ததன் பெரிய விளைவு மேலே இல்லை, கீழே. நிறுவனத்தின் "நாங்கள் இவ்வளவு செய்வோம்" என்ற பெருமையைச் சுமக்க உச்சியில் ஒருவன் வந்துவிட்டான். அதற்குப் பிறகு கடைசித் தம்பி அந்தச் சுமையைத் தூக்க வேண்டியதில்லை. அவனை மலிவாகச் செய்யலாம்.

விவரப்பட்டியலே திருத்தப்பட்ட கதை: 2022–23

எஸ்22 வந்தபோது, எஸ்22, எஸ்22 பிளஸ் இரண்டின் திரையும் 10 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மாறும் என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு அது 48 முதல் 120 என்று திருத்தப்பட்டது. திரையின் பாகம் 48-க்குக் கீழே போகாது, ஆனால் சிப்பிலிருந்து திரைக்குப் போகும் தரவின் வேகத்தைத் தங்கள் சொந்த நுட்பத்தால் 10 வரை குறைக்கிறோம் என்பது சாம்சங் தந்த விளக்கம்.

இது ஏன் முக்கியம்? அசையாத ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது திரை நொடிக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும், மின்சாரம் மிச்சம். அதற்கு எல்டிபிஓ என்ற ரகத் திரை வேண்டும். அல்ட்ராவில் அது இருந்தது, மற்ற இரண்டிலும் இல்லை. கடையில் மூன்றையும் தள்ளிப் பார்த்தால் மூன்றும் 120 ஹெர்ட்ஸ் வழுவழுப்பில் ஒன்று போலத்தான் இருக்கும். வித்தியாசம் அட்டையில் அச்சிடும் மேல் எண்ணில் இல்லை, கீழ் எண்ணில் இருந்தது.

2023-இல் இன்னும் நுணுக்கம். எஸ்23 என்ற ஒரே பெயருக்குள்ளேயே 128 ஜிபி வாங்கினால் சேமிப்பு சிப் யூஎஃப்எஸ் 3.1 தலைமுறை, 256 ஜிபி வாங்கினால் 4.0. பின்னதன் இணைப்பு வேகம் முன்னதைவிட இரு மடங்கு. இடம் கூடுதலாக வேண்டும் என்று வாங்கியவருக்கு வேகமும் சேர்ந்து வந்தது; இடம் போதும் என்று நினைத்தவர், தெரியாமலேயே ஒரு தலைமுறை பின்னால் நின்றார்.

20,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது: 2024

இப்போது கணக்குக்கு வருவோம். இந்தியாவில் எஸ்24 வெளியானபோது 256 ஜிபி எஸ்24-இன் விலை 79,999. அதே 256 ஜிபி எஸ்24 பிளஸ் 99,999. அல்ட்ரா 1,29,999. முதல் இரண்டுக்கும் சேமிப்பு ஒன்று. சிப் ஒன்று, எக்சினோஸ் 2400. பின்புற மூன்று கேமராக்களும் ஒன்றே. அப்போ அந்த 20,000 எங்கே போகிறது?

முதல் கூடை, அளவு. திரை 6.2-லிருந்து 6.7 அங்குலம், பரப்பளவில் சுமார் 17 சதவீதம் அதிகம். பேட்டரி 4000-லிருந்து 4900. அதாவது 22 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். திரை கூடியதைவிட பேட்டரி கூடுதலாகக் கூடியிருப்பதால், பிளஸ் கொஞ்சம் அதிக நேரம் தாங்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. எடை 167 கிராமிலிருந்து 196.

இரண்டாவது கூடை, முடிவு. பிளஸ் திரை 3120 x 1440. சின்னதில் 2340 x 1080. ஆனால் அடர்த்தியைக் கணக்கிட்டுப் பாருங்க: எஸ்24-இல் அங்குலத்துக்கு 416 புள்ளி, பிளஸ்ஸில் 513. கை தூரத்தில் வைத்துப் படிக்கும்போது 416-லேயே எழுத்தின் விளிம்பு வழுவழுவென்றுதான் இருக்கும். அதுபோக, பிளஸ் பெட்டியிலிருந்து வரும்போது 1080 அமைப்பில்தான் வரும். நீங்களே போய் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அடர்த்தி 385, அதாவது சின்னவனைவிடக் குறைவு!

சார்ஜிங் 25 வாட்டுக்கும் 45 வாட்டுக்கும் உள்ள தூரமும் இப்படித்தான். நிறுவனமே சொல்லும் கணக்கு, அரை மணி நேரத்தில் முறையே 50, 65 சதவீதம். கிட்டத்தட்ட இரு மடங்கு வாட், ஆனால் இரு மடங்கு வேகம் இல்லை. பேட்டரி நிரம்ப நிரம்ப, சூட்டைக் கட்டுப்படுத்த போன் தானே மின்சாரத்தை இறக்கிக்கொள்ளும். பெட்டியில் சார்ஜர் வேறு கிடையாது.

மிச்சம் இருப்பது ரேம்: 8 ஜிபிக்குப் பதில் 12. இந்தப் பட்டியலில் இதுதான் என்னைப் பொறுத்தவரை கனமான வரி. மூன்று போனுக்கும் ஏழு வருட மென்பொருள் புதுப்பிப்பு என்று ஒரே வாக்குறுதி. ஏழாவது வருடத்து மென்பொருள், 8 ஜிபியிலும் 12 ஜிபியிலும் ஒரே மாதிரி ஓடாது. கேமராவைப் பார்த்து வாங்குகிறவர் பிளஸ்ஸுக்குப் போகத் தேவையே இல்லை. ஆறேழு வருடம் வைத்திருப்பவர் யோசிக்கத்தான் வேண்டும்.

அல்ட்ராவின் கதை தனி. 200 மெகாபிக்சல் கேமரா, 5 மடங்கு ஜூம், எஸ் பென், டைட்டானியம் சட்டம் எல்லாம் விளம்பரத்திலேயே வந்தன. நம்ம ஊரைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் உள்ளே இருந்தது: அல்ட்ராவுக்கு மட்டும் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3. அதற்கு முன்பு பெரும்பாலான வருடங்களில் சிப் நாட்டைப் பொறுத்து மாறும். ஒரே நாட்டில் விற்ற மூன்றுக்கும் ஒரே சிப்தான். எஸ்24-இல்தான் இங்கே சிப்பும் மாடியைப் பொறுத்ததானது.

கையில் உள்ளது எது?

பழைய போன் வாங்கும்போது பெட்டியையும் கடைக்காரர் பேச்சையும் நம்பாமல் போனையே கேட்கலாம். டெவலப்பர் ஆப்ஷனில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிவிட்டு, கணினியில் இணைத்து:

```
adb shell getprop ro.product.model
adb shell getprop ro.hardware
adb shell cat /proc/meminfo
```

முதல் வரிக்கு SM-S921B என்று வந்தால் எஸ்24. SM-S926B பிளஸ், SM-S928B அல்ட்ரா. 90, 91, 92, 93 என்பவை எஸ்22 முதல் எஸ்25 வரையான தலைமுறை. அடுத்த இலக்கம் 1, 6, 8 என்றால் முறையே சாதா, பிளஸ், அல்ட்ரா. விளம்பரப் பெயர் எப்படி மாறினாலும் இந்த நான்கு தலைமுறைகளிலும் இந்த இலக்க மரபு மாறவில்லை. இரண்டாவது வரிக்கு `qcom` என்றால் ஸ்னாப்டிராகன், `s5e` என்று தொடங்கினால் எக்சினோஸ்.

மூன்றாவதில் MemTotal-ஐப் பாருங்க. சிஸ்டம் தனக்கென்று ஒதுக்கிக்கொள்வதால் 8 ஜிபி போனில் எட்டுக்குக் குறைவாகத்தான் காட்டும். அது கோளாறு இல்லை. "8-உம் 8-உம் 16 ஜிபி ரேம் சார்" என்று கடையில் சொன்னால், அது ரேம் பிளஸ். சேமிப்பிலிருந்து கடன் வாங்கிய இடம், ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அது SwapTotal வரியில் தெரியும், MemTotal-இல் சேராது.

2025-இன் எஸ்25-இல் மூன்று பேருக்கும் மறுபடி ஒரே ஸ்னாப்டிராகன், குறைந்தது 12 ஜிபி ரேம் என்று ஆனது. போன வருடம் 20,000 ரூபாய் பேசிய அந்த கனமான வரி, அந்த வருடம் பட்டியலிலேயே இல்லை. ஆனால் சின்னவனுக்கு 25 வாட்டும் 1080 திரையும் அப்படியே தொடர்ந்தன. ஆகவே "பிளஸ் வாங்கலாமா, சாதா போதுமா" என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: எந்த வருடத்துப் பிளஸ்?