டென்வர் எனிமா: குற்றவாளி யாரென்று தெரியாமலே கிடைத்த வைத்தியம்

1958-ல் பென் ஐஸ்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தன் சகாக்களோடு ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். டென்வர் நகரத்தில் அவர்கள் பார்த்த நாலு நோயாளிகளைப் பற்றியது. நாலு பேருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு கடுமையான பேதி. குடலின் உட்சுவரில் மஞ்சள் மஞ்சளாகப் படை படிந்திருந்தது. அந்தக் காலத்தில் இது வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் ஐஸ்மன் ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து எனிமாவாக ஏற்றினார். நாலு பேரும் பிழைத்தார்கள்.

படித்ததும் முகத்தைச் சுளிக்கத்தான் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனா எனக்கு இதில் சுவாரஸ்யமான விஷயம் அருவருப்பு இல்லை. ஐஸ்மன் சரியான வைத்தியத்தைச் செய்தார், ஆனால் எந்தக் கிருமிக்கு எதிராகச் செய்கிறோம் என்பதைத் தப்பாக நினைத்திருந்தார். உண்மையான குற்றவாளியின் பெயர் வெளியே வர இன்னும் இருபது வருஷம் ஆனது. அதைவிட வேடிக்கை, அந்தக் குற்றவாளியை 23 வருஷத்துக்கு முன்பே அதே டென்வரில் இரண்டு பேர் பிடித்துப் பெயரும் வைத்து, பெரிய ஆபத்தில்லை என்று விட்டுவிட்டிருந்தார்கள்.

அந்த இரண்டு பேர் ஐவன் ஹால், எலிசபெத் ஓடூல். 1935-ல் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது பிறந்த குழந்தைகளின் மலம். பிறக்கும்போது சுத்தமாக இருக்கும் குடலில் எந்தெந்தக் கிருமி எப்போது குடியேறுகிறது என்பதுதான் கேள்வி. அதில் புதிதாக ஒன்று அகப்பட்டது. காற்றுப் பட்டால் வளராது. மெதுவாக வளரும், தனியாகப் பிரித்தெடுப்பதும் பெரும்பாடு. அந்தக் கஷ்டத்தையே பெயராக்கி 'பாசில்லஸ் டிஃபிசிலிஸ்' என்றார்கள். இன்று நாம் 'குளோஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில்', சுருக்கமாக 'சி டிஃப்' என்று சொல்வது இதைத்தான். வளர்த்து விலங்குகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தபோது அவை செத்தன. ஆக நச்சு சுரக்கிறது என்பது அப்போதே தெரியும். ஆனால் அந்தக் குழந்தைகளெல்லாம் நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தன. குழந்தைகளைப் பாதிக்காத ஒன்றை யார் சந்தேகப்படுவார்கள்? கோப்பை மூடிவிட்டார்கள்.

1950-களில் பழி விழுந்தது ஸ்டாஃபிலோகாக்கஸ் மேல். அதற்கும் காரணம் இருந்தது. பென்சிலினுக்குப் படியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் அப்போது ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பரவிக்கொண்டிருந்தது, பேதி வந்தவர்களின் மலத்திலும் அது கிடைத்தது. குடல் அறுவைக்கு முன்னால் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைச் 'சுத்தம்' செய்வது அப்போதைய வழக்கம். நல்ல கிருமிகள் ஒழிந்த இடத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் புகுந்துவிட்டது, பழைய குடித்தனக்காரர்களைத் திரும்பக் கொண்டுவந்தால் இது ஓடிவிடும் என்பதுதான் ஐஸ்மனின் கணக்கு. கணக்கு சரி, ஆள்தான் மாறிப்போச்சு.

இதே யோசனை அப்போது வேறு இடத்திலும் ஓடியிருக்கிறது. பின்னாளில் பெரிய நுண்ணுயிரியலாளர் ஆன ஸ்டான்லி ஃபால்கோ, இளவயதில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, அறுவைக்கு முன் நோயாளிகளின் சொந்த மலத்தையே எடுத்து மாத்திரைக் குப்பியில் அடைத்து, அறுவைக்குப் பின் அவர்களுக்கே விழுங்கக் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். விஷயம் நிர்வாகிக்குத் தெரிந்ததும் வேலை போய்விட்டதாம். பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்களாம்.

ஐஸ்மனின் வைத்தியம் ஏன் பரவவில்லை? அதே 1958-ல்தான் வான்கோமைசின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஸ்டாஃபிலோகாக்கஸைக் கொல்லும் மருந்து. வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் சேராமல் குடலிலேயே தங்கும். கொடுத்தார்கள், பேதி நின்றது. ஸ்டாஃபிலோகாக்கஸ்தான் காரணம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். வான்கோமைசின் டிஃபிசிலையும் கொல்லும் என்பது யாருக்கும் தெரியாது. தப்பான காரணத்துக்காகக் கொடுத்த சரியான மருந்து, தப்பான காரணத்தையே உறுதிப்படுத்திவிட்டது.

முடிச்சு அவிழ ஆரம்பித்தது 1974-ல். செயின்ட் லூயிஸ் நகரில் டெடெஸ்கோ என்ற மருத்துவரின் குழு, கிளிண்டாமைசின் வாங்கிய 200 நோயாளிகளை வரிசையாகக் கவனித்தது. 21 சதவீதம் பேருக்குப் பேதி வந்தது. கருவி விட்டுப் பார்த்ததில் 10 சதவீதம் பேருக்குக் குடலில் அந்த மஞ்சள் படை. ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸைக் காணோம்.

பாஸ்டனில் ஜான் பார்ட்லெட் ஹாம்ஸ்டர் எலிகளை வைத்து இதைத் துரத்தினார். கிளிண்டாமைசின் கொடுத்தால் ஹாம்ஸ்டர்கள் குடல் அழன்று செத்துப்போகும். செத்த எலியின் குடல் நீரைக் கிருமி புகாத வடிகட்டியில் வடித்து இன்னோர் எலிக்குக் கொடுத்தாலும் நோய் வரும். கிருமியே இல்லாத நீர் நோய் தருகிறது என்றால், அதில் நச்சு இருக்கிறது. எந்த நச்சு? கையில் இருந்த முறிமருந்துகளைச் சோதித்ததில், 'குளோஸ்ட்ரிடியம் சார்டெல்லி' என்ற கிருமிக்கான முறிமருந்து நச்சை அடக்கியது. அப்போ அதுதான் குற்றவாளி என்று தேடினால், நோயாளிகளிடம் சார்டெல்லி இல்லவே இல்லை! திரும்பத் திரும்பக் கிடைத்தது டிஃபிசில்தான். இரண்டும் சொந்தக்காரக் கிருமிகள், நச்சுகளும் ஒரே ஜாடை; அதனால் ஒன்றின் முறிமருந்து மற்றதற்கும் வேலை செய்திருக்கிறது. 1978-ல் விஷயம் தெளிவானது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த குழுவும் நோயாளிகளின் மலத்தில் இதே நச்சைக் கண்டு அதே முடிவுக்கு வந்தது. 1935-ன் பழைய கோப்பு திறக்கப்பட்டது.

இனி, அந்த நச்சு என்ன செய்கிறது? 'ஏ', 'பி' என்று இரண்டு நச்சுகள். குடல் சுவர்ச் செல்லுக்குள் நுழைந்து, அதன் உள் எலும்புக்கூட்டைப் பராமரிக்கிற சின்னப் புரதங்கள் மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டிவிடும். பூட்டுக்குள் மெழுகை ஊற்றின மாதிரி அந்தப் புரதம் செயலிழக்கும். செல் சுருண்டு, பக்கத்துச் செல்லின் கையை விட்டுவிடும். சுவரில் ஓட்டை விழுந்து நீர் கசியும். செத்த செல், வெள்ளணுக்கள், சளி எல்லாம் சேர்ந்து உறைந்ததுதான் அந்த மஞ்சள் படை.

வான்கோமைசின் கொடுத்தால் நிற்கிறதே, அப்புறம் என்ன பிரச்சினை? நின்றது திரும்பி வரும், அதுதான் பிரச்சினை. டிஃபிசில் வித்து வடிவத்தில் ஒளிந்துகொள்ளும். வித்தை வான்கோமைசின் தொடாது. (கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவமும் கொல்லாது, அதனால்தான் இந்த நோயாளிகள் இருக்கும் வார்டில் சோப்பு போட்டுக் கைகழுவச் சொல்கிறார்கள்.) மருந்தை நிறுத்தியதும் வித்து முளைக்கிறது. மற்ற கிருமிகளையும் மருந்து ஒழித்துவிட்டதால் எதிர்க்க ஆளில்லை. முதல் தடவை குணமானவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத் திரும்ப வரும். அப்படித் திரும்பியவர்களுக்கு மூன்றாவது தடவை வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

'எதிர்க்க ஆள்' என்றால் என்ன என்பதற்கு ஒரு நல்ல விடை பித்தநீரில் கிடைத்தது. கல்லீரல் அனுப்பும் பித்த அமிலம் டிஃபிசில் வித்துக்கு, மழைத்துளி மாதிரி, 'முளைக்கலாம்' என்ற சைகை. நல்ல குடலில் சில கிருமிகள் இந்த அமிலத்தை மாற்றி, டிஃபிசில் வளர முடியாத வேறோர் அமிலமாக ஆக்கிவிடும். இந்த வேலை தெரிந்த கிருமிகள் கொஞ்சம்தான். ஆன்டிபயாடிக்கில் அவையும் போய்விட்டால் முளைக்கச் சொல்லும் அமிலம் மட்டும் மிஞ்சும். மல மாற்றம் செய்த பிறகு பார்த்தால், தடுக்கும் அமிலம் திரும்ப வந்திருக்கிறது. உணவுக்கும் இடத்துக்கும் நடக்கும் போட்டி இதற்கு மேல் தனி.

2008-ல் மினசோட்டாவில் மருத்துவர் அலெக்சாண்டர் கோரட்ஸிடம் 61 வயதுப் பெண் ஒருவர் வந்தார். எட்டு மாசமாகப் பேதி, 27 கிலோ எடை குறைந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். மருந்து ஒன்றும் நிலைக்கவில்லை. கணவரின் மலத்தை உப்பு நீரில் கரைத்து, கொலனோஸ்கோபி வழியாகப் பெருங்குடலில் விட்டார்கள். ஓரிரு நாளில் பேதி நின்றது. ஐஸ்மனுக்கு இல்லாத ஒரு வசதி கோரட்ஸுக்கு இருந்தது: மரபணு வரிசையை வைத்துக் குடலில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ண முடிந்தது. முன்பு அந்தக் குடலில் வழக்கமான குடித்தனக்காரர்கள் அநேகமாக இல்லை. இரண்டு வாரத்தில் கணவரின் கிருமிகளே ஊரை நிறைத்திருந்தன. குடியேற்றம் நடக்கிறது என்பது ஊகமாக இல்லாமல் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனாலும் ஒரு நோயாளி சாட்சியாகாது. முறையான சோதனை ஆம்ஸ்டர்டாமில் நடந்து 2013-ல் வெளியானது. முதலில் நாலைந்து நாள் வான்கோமைசின், பிறகு நாலு லிட்டர் பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவுதல், அப்புறம் மூக்கு வழியாகச் சிறுகுடல் வரை போகும் குழாயில் மலக்கரைசல். வந்து ஆறு மணி நேரத்துக்குள்ளான மலம், அரை லிட்டர் உப்பு நீர், கலக்கி வடிகட்டியது, அவ்வளவுதான். 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் குணம். மீதி மூன்று பேரில் இருவருக்கு இரண்டாவது தடவையில். வான்கோமைசின் மட்டும் வாங்கிய 13 பேரில் குணமானது 4 பேர். மூன்றாவது குழுவுக்கு வான்கோமைசினோடு குடலும் கழுவினார்கள். 13-ல் 3 பேர். ஆக, கழுவியதால் குணமானதில்லை. 120 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தவர்கள் வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு 43 பேரோடு பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இதன் ஆபத்தும் தெரிந்தது. 2019-ல் அமெரிக்காவில் மலமாற்றம் செய்துகொண்ட, நோயெதிர்ப்பு குன்றிய இரண்டு பேருக்குப் பல மருந்துகளுக்கு மசியாத ஈ. கோலை ரத்தத்தில் பரவியது, ஒருவர் இறந்தார். தானம் தந்தவரின் மலத்தில் அது இருந்தது, அந்தச் சோதனை மட்டும் செய்யப்படவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சோதனையும் கட்டாயமானது. வீட்டிலேயே மிக்ஸியில் அடித்துச் செய்துகொள்ளலாம் என்று இணையத்தில் சொல்பவர்கள் இந்தக் கதையைச் சொல்வதில்லை. 2022-ல் எனிமா வடிவிலும், 2023-ல் மலத்திலிருந்து எடுத்த நல்ல வித்துகள் அடைத்த மாத்திரையாகவும் அமெரிக்க அரசு அனுமதித்த தயாரிப்புகள் வந்துவிட்டன.

ஒரு விஷயம் மட்டும் இந்த அழகான குடியேற்றக் கதையோடு ஒட்டாமல் நிற்கிறது. ஜெர்மனியின் கீல் நகரத்து மருத்துவர்கள் ஐந்து நோயாளிகளுக்கு மலக்கரைசலை அப்படியே தராமல், பாக்டீரியா எதுவும் புகாத வடிகட்டியில் வடித்த நீரை மட்டும் கொடுத்தார்கள். அதில் உயிருள்ள பாக்டீரியா கிடையாது. பாக்டீரியாவின் சிதறல்கள், அவை சுரந்தவை, பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்கள், இவ்வளவுதான் இருந்திருக்க முடியும். 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து பேருக்கும் பேதி நின்றிருந்தது.