வட்டின் அவசரமும் கோப்பின் பொறுமையும்: ஐஸ்கஸி, என்எஃப்எஸ், மல்ட்டிபாத்

மெய்நிகர் இயந்திரத்துக்குள் இயங்கும் விண்டோஸோ லினக்ஸோ தன் வட்டு எங்கிருக்கிறது என்பதை அறியாது. தன் பெட்டிக்குள்ளேயே இருக்கும் வட்டாகவே அதைக் கருதுகிறது. ஒரு கட்டளை இட்டால் குறித்த நேரத்துக்குள் விடை வரவேண்டும் என எதிர்பார்க்கிறது. லினக்ஸில் இக்காலக்கெடு இயல்பாக 30 விநாடி. விண்டோஸில் விஎம்வேர் டூல்ஸ் அமைப்பது 60 விநாடி. கெடு கடந்தும் விடை வராது, மீண்டும் மீண்டும் முயன்றும் பயனில்லையெனில், வட்டு பழுதாகிவிட்டது என்றே இயங்குதளம் முடிவு செய்கிறது. லினக்ஸின் கோப்பு முறைமை அப்போது தன்னை வாசிப்புக்கு மட்டுமானதாக மாற்றிக்கொள்வதுண்டு. தரவுத்தளம் நின்றுபோகிறது.

டேட்டாஸ்டோருக்கு ஐஸ்கஸி நல்லதா, என்எஃப்எஸ் நல்லதா என்ற விவாதம் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே நடக்கிறது. இவ்விரு நெறிமுறைகளின் வரலாற்றைப் படிப்பவருக்கு வேறொரு வேறுபாடு புலப்படும். ஒரு பாதை அறுந்தால் அதைக் கண்டறிந்து மாற்றுப் பாதைக்குச் செல்லும் பொறுப்பு யாருடையது என்பதே அது. ஐஸ்கஸி அப்பொறுப்பை ஹோஸ்டிடம் அளிக்கிறது. என்எஃப்எஸ்ஸின் மூன்றாம் பதிப்பு அதை நெட்வொர்க்கிடமும் சேமிப்பகத்திடமும் விட்டுவிடுகிறது.

என்எஃப்எஸ் 1984ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவானது. அதை வடிவமைத்தோர் முதன்மையாகக் கருதியது சர்வர் விழுந்து எழுவதைத்தான். ஆகவே வாடிக்கையாளர்களைப் பற்றிய எந்த நிலையையும் சர்வர் நினைவில் வைக்கவேண்டியதில்லை என முடிவு செய்தனர். 'இந்தக் கோப்பில் இந்த இடத்தில் இத்தனை பைட்டுகளை எழுது' என்று ஒவ்வொரு வேண்டுகோளும் தன்னளவில் முழுமையாக இருக்கும். விடை வராவிட்டால் வாடிக்கையாளர் அதே வேண்டுகோளைத் திரும்ப அனுப்புவார். ஒரே இடத்தில் ஒரே தரவை இருமுறை எழுதினாலும் விளைவு ஒன்றே. சர்வர் பத்து நிமிடம் கழித்து எழுந்தாலும் பணி விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த நெறிமுறையின் மீட்புமுறை என்பது காத்திருத்தலும் மீண்டும் கேட்டலுமே. 1995இல் ஆர்எஃப்சி 1813 ஆக வெளிவந்த மூன்றாம் பதிப்பும் இவ்வியல்பைக் காத்தது.

ஸ்கஸியின் பின்னணி நேர்மாறானது. 1986இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்ட இந்நெறிமுறை, சாதாரண வகையில் 6 மீட்டருக்கு மேல் நீளாத கேபிளில் இணைந்த வட்டுகளுக்கானது. அவ்வளவு அருகில் இருக்கும் வட்டு விடை தராவிட்டால் ஏதோ பழுது என்றே பொருள். பொறுமைக்கு அங்கே தேவையில்லை. 1990களில் ஃபைபர் சேனல் வந்தபோது அதே ஸ்கஸி கட்டளைகள் அறை விட்டு அறை செல்லத் தொடங்கின. ஒரே வட்டை இரு கார்டுகள், இரு சுவிட்சுகள் வழியே அடைய முடிந்தது.

அங்கேதான் மல்ட்டிபாத்துக்கான தேவை எழுந்தது. இரு பாதைகளில் தெரியும் ஒரு வட்டை ஹோஸ்ட் இரண்டு வட்டுகளாகவே காணும். தனித்தனி வட்டுகளென நம்பி இரண்டிலும் எழுதினால் தரவு சிதையும். ஆகவே மல்ட்டிபாத்தின் முதல் வேலை அடையாளம் காண்பது. ஒவ்வொரு பாதையின் வழியாகவும் 'உன் பெயர் என்ன?' என்று வட்டையே கேட்கிறது. உலகில் வேறெந்த வட்டுக்கும் இல்லாத ஓர் எண்ணை வட்டு விடையாகத் தருகிறது. விஎம்வேர் திரையில் `naa.` என்று தொடங்கும் நீண்ட சரம் அதுவே. இரு பாதைகளிலும் ஒரே பெயர் வந்தால் வட்டு ஒன்று, பாதைகள் இரண்டு. பாதையின் பெயர் வேறு, பொருளின் பெயர் வேறு என்ற இந்தப் பிரிப்பு இல்லாமல் பாதை மாற்றம் என்ற ஒன்றே சாத்தியமில்லை.

ஸ்கஸி கட்டளைகளைச் சாதாரண டிசிபி இணைப்பில் ஏற்றியதே ஐஸ்கஸி. ஐபிஎம்மின் ஹைஃபா ஆய்வகத்தைச் சேர்ந்த ஜூலியன் சத்ரான் முதன்மை ஆசிரியராக, 2004 ஏப்ரலில் ஆர்எஃப்சி 3720 வெளியானது. 2006இல் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ் 3.0 ஐஸ்கஸி, என்எஃப்எஸ் இரண்டையும் ஒரே வெளியீட்டில் ஏற்றது. முன்னதில் ஹோஸ்ட் வட்டைப் பெற்று அதன்மேல் தன் விஎம்எஃப்எஸ் கோப்பு முறைமையை அமைக்கிறது. பின்னதில் கோப்பு முறைமை சேமிப்பகத்துக்கு உரியது. ஹோஸ்ட் அதில் கோப்புகளை வைக்கும் விருந்தாளி மட்டுமே. 2009இல் வந்த விஸ்பியர் 4, ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தனி ஐஸ்கஸி அமர்வை அமைக்கவும், அவற்றை மல்ட்டிபாத் அடுக்கின்கீழ் ஒன்றுசேர்க்கவும் வழிசெய்தது. என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்புக்கு அத்தகைய அடுக்கு கிட்டவில்லை. ஒரு டேட்டாஸ்டோருக்கு ஒரு டிசிபி இணைப்பு என்பதே நெடுங்காலம் அதன் நிலை.

இவ்வேறுபாட்டின் விளைவை ஓர் அமைப்பைக் கொண்டு பார்க்கலாம். ஹோஸ்டில் இரு நெட்வொர்க் கார்டுகள். அவை ஒன்றோடொன்று இணையாத இரு சுவிட்சுகளுக்குச் செல்கின்றன. சேமிப்பகத்தில் இரு கன்ட்ரோலர்கள். ஒவ்வொன்றும் இரு சுவிட்சுகளிலும் ஒரு துளை வைத்திருக்கிறது. இரு சுவிட்சுகளும் தனித்தனி ஐபி வலையமைப்புகள். ஒவ்வொரு கார்டும் இரு கன்ட்ரோலர்களையும் காண்பதால் ஐஸ்கஸி வட்டு ஒன்றுக்கு நான்கு பாதைகள் கிடைக்கும். அவ்வட்டு ஒரு கன்ட்ரோலருக்கு உரியதாயின் அதற்குச் செல்லும் இரு பாதைகள் உகந்தவை. மற்ற இரண்டும் காத்திருப்பவை. ரவுண்ட் ராபின் கொள்கை, இயல்பாக 1000 கட்டளைகளுக்கு ஒருமுறை, உகந்த இரு பாதைகளுக்கிடையே மாறிமாறிச் செல்லும்.

கார்டின் கேபிள் பிடுங்கப்பட்டால் ஹோஸ்டுக்கு உடனே தெரியும். சுவிட்சின் விளக்கு எரிந்துகொண்டிருக்க, உள்ளே மட்டும் போக்குவரத்து நின்றுவிடும் நிலையே கடினமானது. இஎஸ்எக்ஸின் ஐஸ்கஸி 15 விநாடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுச் செய்தியை அனுப்பி, விடைக்கு 10 விநாடி காத்திருக்கும். விடை இல்லையெனில் அமர்வை மீட்க மேலும் 10 விநாடி முயன்று, பின்னரே பாதை இறந்ததாக அறிவிக்கும். மிக மோசமான தருணத்தில் பழுது நேர்ந்தால் மொத்தம் 35 விநாடி. அதன்பின் விடை வராத கட்டளைகள் உயிருள்ள பாதையில் திரும்ப இடப்படும். விண்டோஸின் 60 விநாடிக்குள் இது அடங்குகிறது. லினக்ஸின் இயல்பான 30 விநாடிக்குள் அடங்கவில்லை. விஎம்வேர் டூல்ஸ் லினக்ஸின் கெடுவை 180 விநாடியாக உயர்த்துவதன் காரணம் இக்கணக்கில் இருக்கிறது.

அதே அமைப்பில் என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பு இருந்தால் ஹோஸ்டுக்குப் பாதை என்ற கருத்தே இல்லை. ஓர் ஐபி முகவரி மட்டுமே உண்டு. இங்கே இரு சுவிட்சுகளும் ஒரே வலையமைப்பாக இணைந்திருக்கவேண்டும். இரு கார்டுகளும் ஒரு குழுவாக இயங்கும். ஒரு கேபிள் அறுந்தால் போக்குவரத்து மற்ற கார்டுக்கு மாறும். டிசிபி இணைப்பு அறுபடாமல், இழந்த பொட்டலங்கள் மீண்டும் செல்லும். கன்ட்ரோலர் விழுந்தால் அதன் ஐபி முகவரியை இணைக் கன்ட்ரோலர் ஏற்றுக்கொள்ளும். சர்வர் எதையும் நினைவில் வைக்காத பழைய வடிவமைப்பு இங்கே பெரிதும் உதவுகிறது. ஆனால் விளக்கு எரிய உள்ளே செத்த சுவிட்சைக் கார்டுக் குழு இயல்பாக அறியாது, ஏனெனில் அது பார்ப்பது தன் கேபிளின் மறுமுனையை மட்டுமே. இஎஸ்எக்ஸ் 12 விநாடிக்கு ஒருமுறை என்எஃப்எஸ் சர்வரின் நாடியைப் பார்க்கிறது; 10 முறை தவறி, கடைசி 5 விநாடிக் காத்திருப்பும் முடிந்தபின், அதாவது 125 விநாடி கழித்தே டேட்டாஸ்டோர் கிடைக்கவில்லை என்கிறது. அதுவும் அறிவிப்பு மட்டுமே. மாற்றுப் பாதைக்குச் செல்வதில்லை. அதற்குள் 60 விநாடி விண்டோஸ் பொறுமை இழந்திருக்கும். கோப்பு நெறிமுறை காத்திருக்கச் சம்மதித்தாலும், அதன்மேல் அமர்ந்திருக்கும் வட்டு சம்மதிப்பதில்லை.

இதைக்கொண்டு மல்ட்டிபாத் எல்லாவற்றையும் காக்கும் என முடிவு செய்தல் தவறு. நான்கு பாதைகள் என்ற எண்ணிக்கை நான்கு தனித்த பாதைகள் என்பதற்குச் சான்றன்று. கார்டுகளின் கேபிள்களும் கன்ட்ரோலர்களின் கேபிள்களும் தவறுதலாக ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருந்தாலும் திரையில் நான்கே தெரியும். இரு கார்டுகளும் ஒரே சிப்பின் இரு துளைகளாக இருந்தாலும் அப்படியே. ஒரு பாதை பல மாதங்களாக இறந்துகிடந்தும் எவரும் கவனியாதிருப்பதும் உண்டு, ஏனெனில் பணி தடைபடுவதில்லை. பாதைகளின் நிலையைக் காண ஒரு கட்டளை போதும்:

```
esxcli storage core path list
```

ஒவ்வொரு பாதைக்கும் `State: active` அல்லது `State: dead` என வரும். ஆனால் அவை தனித்தவைதாமா என்பதை அறிய ஒரே வழி, பணிநேரத்துக்கு வெளியே ஒரு சுவிட்சை அணைத்து, சரியாக இரண்டு பாதைகள் மட்டும் இறக்கின்றனவா எனப் பார்ப்பதே. நான்கும் இறந்தால் பிழை கேபிள் அமைப்பில் உள்ளது.

இரண்டாம் வரம்பு நுட்பமானது. மல்ட்டிபாத் செத்த பாதையை அறியும். நோயுற்ற பாதையை எளிதில் அறியாது. பழுதான கேபிள் நூற்றில் சில பொட்டலங்களை இழந்தால் வெற்றுச் செய்திகள் பெரும்பாலும் போய்ச்சேரும். பாதை உயிருடனிருப்பதாகவே கருதப்படும். ரவுண்ட் ராபின் தன் முறைவரும்போதெல்லாம் அதிலும் கட்டளைகளை இட்டுக்கொண்டே இருக்கும். இயந்திரங்கள் சில நொடிகள் விரைந்தும் சில நொடிகள் தேங்கியும் இயங்கும். `esxtop` காட்டும் தாமதத்தையும் அந்தக் கார்டு இழந்த பொட்டலங்களையும் ஒப்பிட்டால்தான் காரணம் தெரியவரும். 2018இல் விஸ்பியர் 6.7இன் முதல் புதுப்பிப்பு, தாமதத்தை அளந்து பாதையைத் தேரும் வகையை ரவுண்ட் ராபினில் சேர்த்தது இதன்பொருட்டே.

என்எஃப்எஸ்ஸும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2010இல் ஆர்எஃப்சி 5661 ஆக வந்த 4.1 பதிப்பு, ஒரே அமர்வைப் பல இணைப்புகளில் நடத்த இடமளித்தது. 2015இல் விஸ்பியர் 6.0 அதை ஏற்றபோது, ஒரு டேட்டாஸ்டோருக்குப் பல சர்வர் முகவரிகளைத் தர முடிந்தது. இதற்கான விலை, சர்வர் நிலையை நினைவில் வைக்கத் தொடங்கியதே. பூட்டுமுறையும் மாறியது: மூன்றாம் பதிப்பில் ஹோஸ்டுகள் தமக்குள் பூட்டுக் கோப்புகளால் உடன்பட்டன, 4.1இல் பூட்டு சர்வருடையது. ஒரே பகிர்வை ஒரு ஹோஸ்ட் பழைய பதிப்பிலும் இன்னொன்று புதிய பதிப்பிலும் ஏற்றினால் இரு பூட்டுகளும் ஒன்றையொன்று காணாது. ஒரே இயந்திரத்தின் வட்டில் இருவரும் எழுதித் தரவு சிதையலாம்.

ஆகவே தேர்வு செய்வோர் முதலில் விடை காணவேண்டியது, பாதைப் பழுதைக் கண்டறியும் திறன் தம் அமைப்பில் எங்குள்ளது என்பதற்கே. இணைந்தியங்கும் இரு சுவிட்சுகளும், விரைவாக முகவரி மாற்றும் சேமிப்பகமும், உயர்த்தப்பட்ட இயங்குதளக் கெடுவும் இருந்தால் என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பு எளிமையாகவும் உறுதியாகவும் இயங்கும். சுவிட்சுகள் எளியவையாகவும் தனித்தனியாகவும் இருந்தால் அந்த அறிவு ஹோஸ்டில் இருக்கவேண்டும். ஐஸ்கஸியும் மல்ட்டிபாத்தும் அங்கே பொருந்தும். இரண்டிலும் சோதனை ஒன்றே: ஒரு சுவிட்சை அணைத்து, மெய்நிகர் இயந்திரம் எத்தனை விநாடி உறைந்து நிற்கிறது எனக் கணக்கிட்டு, அதன் கெடுவோடு ஒப்பிடுவது.